சூப்பர்கெப்பாசிட்டர் ஏன் நொடிகளில் நிறைகிறது, ஏன் குறைவாகவே கொள்கிறது?

கேள்வி: “சூப்பர்கெப்பாசிட்டர் சில நொடிகளில் முழுதாகச் சார்ஜ் ஆகிவிடும் என்கிறார்கள். அதற்குள் இருப்பது வெறும் கரிதான் என்றும் படித்தேன். அப்படியானால் கைபேசியில் பேட்டரிக்குப் பதிலாக அதையே வைக்கலாமே, ஏன் வைப்பதில்லை? அந்தக் கரியில் அப்படி என்னதான் இருக்கிறது?”

இந்தச் சாதனத்தை வேகமாக்கும் காரணம் எதுவோ, அதுவேதான் அதன் கொள்ளளவையும் குறைக்கிறது. பேட்டரியில் மின்னூட்டம் திண்மப் பொருளின் உள்ளே போய்த் தங்குகிறது. சூப்பர்கெப்பாசிட்டரில் அது பொருளின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மேற்பரப்பை அடைவது எளிது, ஆனால் அங்கே இடம் குறைவு. கரி மின்முனைகளைத் தயாரித்துச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், இந்த ஒரே கருத்தைக் கணக்கோடு விளக்க முயல்கிறேன். அடிப்படையில் ஐயத்துக்கு இடமில்லை. துறைக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கும் ஒரு பகுதியும் உண்டு. அதை அந்த இடத்தில் தனியே சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் மின்பகுளிக் கரைசல் வழியே வந்து கிராஃபைட் மின்முனையை அடைகின்றன. அங்கே ஒவ்வோர் அயனியும் தன்னைச் சூழ்ந்திருக்கும் கரைப்பான் மூலக்கூறுகளை உதறிவிட்டு, கிராஃபைட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் கடந்து, கார்பன் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து, திண்மத்துக்குள்ளேயே மெல்ல நகர்ந்து உள்ளே செல்ல வேண்டும். இப்படி மெல்லப் பரவிச் செல்வதுதான் விரவல். விரவல் மூலம் ஒரு தொலைவைக் கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழ L²/D ஆகும். L என்பது தொலைவு, D என்பது விரவல் கெழு. கிராஃபைட்டில் லித்தியத்தின் D மதிப்பு, அளவிடும் முறையையும் நிறைந்திருக்கும் அளவையும் பொறுத்துப் பல மடங்கு மாறுகிறது. விநாடிக்கு 10⁻¹⁴ சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகளின் மையத்தை எட்ட 2500 விநாடிகள், அதாவது 40 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். இது தோராயக் கணக்கு. ஆனாலும் சாதாரணப் பேட்டரிகள் ஏன் நொடிக்கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் நிறைகின்றன என்பதை அது சரியாகவே காட்டுகிறது. அதைவிட விரைவாகத் திணித்தால், உள்ளே நுழைய முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படியத் தொடங்கும். அது கொள்ளளவை நிரந்தரமாகக் குறைப்பதோடு, ஊசிபோல் வளர்ந்து உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படவும் வழிவகுக்கும். வேகச் சார்ஜுக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் இந்த ஆபத்துதான்.

சூப்பர்கெப்பாசிட்டரில் இந்தப் பயணமே இல்லை. ஒரு கரி மின்முனையை மின்பகுளியில் அமிழ்த்தி அதற்கு எதிர்மின்னூட்டம் கொடுத்தால், கரைசலில் இருக்கும் நேர்மின் அயனிகள் அதன் மேற்பரப்பை ஒட்டி வந்து நிற்கின்றன. கரியின் பக்கம் எலெக்ட்ரான்கள், கரைசலின் பக்கம் அயனிகள், இரண்டுக்கும் இடையே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளி. இதுவே மின் இரட்டை அடுக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் படத்தை முன்வைத்தார். பின்னர் கூய், சாப்மன் ஆகியோரும் 1924இல் ஸ்டெர்னும் அதைத் திருத்தி, அயனிகளில் ஒரு பகுதி சுவரை ஒட்டியும் மறுபகுதி சற்றுப் பரவியும் நிற்பதைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எலெக்ட்ரான் எதுவும் கரியிலிருந்து கரைசலுக்குத் தாண்டுவதில்லை என்பதே. வேதிவினை நடப்பதில்லை, அடுக்குகள் விரிந்து சுருங்குவதில்லை. ஆகவேதான் பேட்டரி சில ஆயிரம் சுழற்சிகளில் தளரும்போது, நல்ல சூப்பர்கெப்பாசிட்டர் பத்து லட்சம் சுழற்சிகள் வரை தாங்குகிறது.

இனி அளவு. இரட்டை அடுக்கின் இடைவெளி மிகச் சிறியது என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 10 மைக்ரோஃபாரட் மின்தேக்குத்திறன் கிடைக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தங்கும் என்பதே மின்தேக்குத்திறன். சாதாரண மின்தேக்கியோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது. ஆனால் வழவழப்பான தகடு ஒன்றை எடுத்துக்கொண்டால், 100 சதுர சென்டிமீட்டரில் தேறுவது ஒரு மில்லிஃபாரட் மட்டுமே. அதைக் கொண்டு பயனுள்ள வேலை எதையும் செய்ய முடியாது. நமக்குத் தேவை பரப்பு, அதுவும் சிறிய எடைக்குள் அடங்கிய பரப்பு. தேங்காய் ஓட்டுக் கரி போன்ற ஒன்றை எடுத்து, 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நீராவியைச் செலுத்தினால், நீராவி கார்பனை அங்கங்கே அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது. இப்படிச் செயலூட்டப்பட்ட கரியின் ஒரு கிராமில் 1000 முதல் 2000 சதுர மீட்டர் வரை உட்பரப்பு இருக்கும். 1000 சதுர மீட்டர் என்பது ஒரு கோடி சதுர சென்டிமீட்டர். அதை 10 மைக்ரோஃபாரடால் பெருக்கினால், கிராமுக்கு 100 ஃபாரட். கரிம மின்பகுளியில் நல்ல வணிகக் கரிகள் தரும் மதிப்பும் ஏறத்தாழ இதுவே. பரப்பு, மலிவு, மின்சாரத்தைக் கடத்தும் இயல்பு, மின்பகுளியோடு எளிதில் வினைபுரியாத தன்மை ஆகிய நான்கும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதுதான் கரியின் சிறப்பு. கரியைவிடப் பரப்பு மிகுந்த பொருள்கள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. நன்றாகக் கடத்தும் உலோகங்களிலோ இவ்வளவு பரப்பை இந்த எடைக்குள் கொண்டுவர முடிவதில்லை.

கைபேசிக் கேள்விக்கான விடையும் இதே எண்ணில்தான் இருக்கிறது. வணிகச் செல்கள் பொதுவாக 2.7 வோல்ட் வரை சார்ஜ் செய்யப்படுகின்றன. அதில் ஒவ்வொரு மின்முனைக்கும் பாதியளவு, ஏறத்தாழ 1.35 வோல்ட் கிடைக்கிறது. எனவே ஒரு கிராம் கரி தாங்கும் மின்னூட்டம் 135 கூலும். அணுக்கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 60 கார்பன் அணுக்களுக்கு ஓர் எலெக்ட்ரான். கிராஃபைட்டிலோ ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் தங்குகிறது. அது கிராமுக்கு ஏறத்தாழ 1340 கூலும். பரப்பை எவ்வளவு பெருக்கினாலும் மேற்பரப்பில் மட்டும் சேமிக்கும் பொருள், உள்ளேயும் சேமிக்கும் பொருளைவிடப் பத்து மடங்கு பின்தங்குகிறது. இதற்கு மேல் இன்னொரு இழப்பும் உண்டு. பேட்டரி ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் தன் மின்னூட்டம் முழுவதையும் தருகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தமோ, மின்னூட்டம் குறையக் குறைய நேர்க்கோட்டில் இறங்குகிறது. மின்தேக்கியின் ஆற்றலைத் தரும் ½CV² என்ற சூத்திரத்தில் இருக்கும் அந்த அரைதான் இந்த இழப்பு.

ஒரு செல்லை எடுத்து முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 3000 ஃபாரட், 2.7 வோல்ட் என்பது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பெரிய அளவு. எடை ஏறத்தாழ அரை கிலோ. அதில் அடங்கும் ஆற்றல் 10,935 ஜூல், அதாவது 3 வாட்மணிக்குச் சற்று மேல். கிலோவுக்கு 6 வாட்மணி. நல்ல லித்தியம் அயனி செல் கிலோவுக்கு 200 வாட்மணிக்கு மேல் தருகிறது. 5000 மில்லிஆம்பியர்மணி, 3.85 வோல்ட் கொண்ட கைபேசி பேட்டரி 19 வாட்மணிக்குச் சற்று மேல் கொள்ளும். அதை ஈடுசெய்ய இத்தகைய செல்கள் ஏழு வேண்டும். மின்னழுத்தம் பாதிக்கு இறங்கிய பிறகு மின்சுற்றை ஓட்டுவது கடினம் என்பதால் முக்கால் பங்கு ஆற்றலையே பயன்படுத்த முடியும் என்று கொண்டால், ஒன்பது செல்கள், நாலரை கிலோ. இந்த எடையை ஒருவர் ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீராது. 19 வாட்மணியை 30 விநாடிகளில் ஏற்ற வேண்டுமென்றால் 2300 வாட் திறன் வேண்டும். 20 வோல்ட்டில் அது 115 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் கம்பியும் இணைப்பியும் கைபேசிக்குப் பொருந்தாதவை. மின்முனை எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஏற்றப்படும் ஆற்றலின் அளவே கடைசியில் கம்பிக்கு ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. நொடிகளில் சார்ஜ் ஆவது போன்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது, எத்தனை வாட்மணி என்று முதலில் கேட்டுப் பழகுவது நல்லது.

அந்தக் கரியில் என்னதான் இருக்கிறது என்ற உங்கள் கேள்வி இதைவிடச் சுவையானது. அதற்கு விடை அந்த நுண்துளைகள்தான். மேலோட்டமாகப் பார்த்தால், குறுகிய துளைகள் நிறைந்த பொருள் மெதுவாக அல்லவா நிறைய வேண்டும்? அப்படி ஆகாததற்குக் காரணம், சார்ஜ் தொடங்கும் முன்பே அந்தத் துளைகள் மின்பகுளியால் நிரம்பியிருப்பதுதான். சுவரில் நிற்க வேண்டிய அயனி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பெரும்பாலும் அதே துளையில், சில நானோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எதிர்மின்னூட்டம் ஏறும் சுவரை நோக்கி நேர்மின் அயனிகள் நகர, எதிர்மின் அயனிகள் துளையை விட்டு விலகுகின்றன. இந்த இடமாற்றத்தைச் செலுத்துவது மின்புலம். அயனிகள் தாமாக விரவிச் சேர்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கரியின் எலும்புக்கூடும், அதோடு கலக்கும் சிறிதளவு கரிப்புகைத்தூளும், பின்னால் இருக்கும் அலுமினியத் தகடும் எலெக்ட்ரான்களை உடனுக்குடன் கொண்டுவந்துவிடும். ஆகவே வேகத்துக்கு வரம்பு வகுப்பது, துளைகளில் இருக்கும் மின்பகுளியின் மின்தடைதான்.

அந்த வரம்பையும் கணக்கிடலாம். மின்முனையின் தடிமன் 100 மைக்ரோமீட்டர், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனையில் 5 மில்லிகிராம் கரியும் அரை ஃபாரடும் உள்ளன. அசிட்டோநைட்ரைலில் கரைத்த டெட்ராஎத்தில்அம்மோனியம் டெட்ராஃப்ளூரோபோரேட் என்ற வழக்கமான மின்பகுளி, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிசீமென்ஸ் கடத்தும். துளைகளின் வளைவும் நெருக்கமும் அதைக் கால் பங்காக்குவதாகக் கொண்டால் 15. தடிமன் முழுவதும் அயனி கடக்க வேண்டிய மின்தடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.67 ஓம் ஆகும். ஆனால் எல்லா அயனிகளும் கடைக்கோடி வரை போவதில்லை. வழியெங்கும் தங்கிக்கொண்டே போகின்றன. அதனால் உண்மையில் உணரப்படுவது இதில் மூன்றில் ஒரு பங்கு, 0.22 ஓம். துளையின் வாயருகே முதலில் நிறைந்து, பிறகு ஆழம் நிறையும் இந்தப் போக்கை 1960களில் டி லெவி கணித வடிவில் தந்தார். மின்முனை வடிவமைப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் 0.1 விநாடி கிடைக்கிறது. பிரிப்புத்தாள், தகடு, இணைப்புகள் ஆகியவற்றின் தடையும் சேரும்போது நேரம் கூடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட 3000 ஃபாரட் செல்லின் உள்தடை ஏறத்தாழ 0.29 மில்லிஓம்; இதை மின்தேக்குத்திறனோடு பெருக்கினால் வரும் கால மாறிலி 0.87 விநாடி. கிராஃபைட் துகளுக்கு வந்த 2500 விநாடியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஆற்றலைக் கூட்ட நினைத்து மின்முனையின் தடிமனை இரட்டிப்பாக்கினால், மின்தடையும் இரட்டிப்பாகும், மின்தேக்குத்திறனும் இரட்டிப்பாகும். நிறையும் நேரம் நான்கு மடங்காகும். ஆற்றலுக்காகச் செய்யப்பட்ட செல்லும் திறனுக்காகச் செய்யப்பட்ட செல்லும் ஒரே கரியைக் கொண்டிருந்தாலும் வேறுவேறாக நடப்பதற்கு இதுவே காரணம்.

துளைகளின் அளவும் இங்கே முக்கியம். 50 நானோமீட்டருக்கு மேற்பட்டவை பெருந்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், 2க்குக் கீழ்ப்பட்டவை நுண்துளைகள் என்று வகுப்பது வழக்கம். ஊரில் பெருந்தெருவும் சந்தும் சேர்ந்திருப்பதைப் போல, பெரிய துளைகள் அயனிகளைக் கரித்துகளின் உட்பகுதிக்குக் கொண்டுசேர்க்கின்றன. மின்னூட்டத்தின் பெரும்பகுதி தங்குவது நுண்துளைகளில்தான். பெரிய துளைகள் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பரப்பு வேகமான சார்ஜில் பயன்படாமல் போகும். அவை மிகுந்துவிட்டால், மின்பகுளியின் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு பயன் இராது.

எவ்வளவு சிறிய துளை நல்லது என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. மேற்சொன்ன உப்பின் நேர்மின் அயனி தனியே இருக்கும்போது ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் அளவுடையது. கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும்போது 1.3 நானோமீட்டர். அதனால் ஒரு நானோமீட்டருக்கும் சிறிய துளைகள் வீண் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2006இல் கோகோட்சி, சிமோன் ஆகியோரின் குழு வெளியிட்ட அளவீடுகள், துளை ஒரு நானோமீட்டருக்குக் கீழே சுருங்கும்போது ஓர் அலகுப் பரப்பின் மின்தேக்குத்திறன் குறையாமல் கூடுவதைக் காட்டின. அயனி தன்னைச் சூழ்ந்திருக்கும் கரைப்பானில் ஒரு பகுதியை உதறிவிட்டுத் துளைக்குள் நுழைகிறது, அதனால் சுவரை இன்னும் நெருங்கி நிற்கிறது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். ஆனால் 2024இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு ஒன்று பல வணிகக் கரிகளை ஒப்பிட்டபோது, துளையின் அளவுக்கும் மின்தேக்குத்திறனுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. கார்பன் அடுக்குகள் எவ்வளவு சிறிய, ஒழுங்கற்ற துண்டுகளாக இருக்கின்றன என்பதோடுதான் நல்ல தொடர்பு கிடைத்தது. இரண்டு முடிவுகளும் முரணானவை என்று நான் கருதவில்லை. துளையைச் சுருக்கும் செயல்முறை பெரும்பாலும் கார்பனின் ஒழுங்கையும் சேர்த்தே மாற்றுகிறது, அதனால் இரண்டையும் பிரித்து அளப்பது கடினம். இது முடிவாகத் தீராத விவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அயனி நுழையவே முடியாத துளையால் பயனில்லை என்பதிலும், பரப்பு எண் கூடுவதால் மட்டும் மின்தேக்குத்திறன் அதே விகிதத்தில் கூடாது என்பதிலும் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அளக்கும் பரப்பில், நைட்ரஜன் நுழைந்தும் அயனி நுழையாத இடங்களும் சேர்ந்துவிடுகின்றன. கிராமுக்கு 3000 சதுர மீட்டர் என்று எழுதப்பட்ட கரி 1500 உடைய கரியைவிட இரு மடங்கு தருவதில்லை. துளைச்சுவர்கள் மிக மெல்லியதாகி, அடர்த்தி குறைந்து, ஒரே கன அளவில் அது பின்தங்குவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இத்துறையின் செய்திகளைப் படிக்கும்போது ஒரு சோதனையை நினைவில் வையுங்கள். மாறா மின்னோட்டத்தில் சார்ஜ் செய்து இறக்கும்போது மின்னழுத்தக் கோடு நேராக ஏறி நேராக இறங்கி முக்கோணமாக இருந்தால், அது இரட்டை அடுக்கில் சேமிப்பதன் அடையாளம். கோட்டில் சமதளங்கள் தென்பட்டால் அங்கே பேட்டரியைப் போன்ற வினை நடக்கிறது. அதற்கு ஃபாரட் கணக்கில் மதிப்புச் சொல்வது தவறான எண்ணத்தைத் தரும். இறக்கம் தொடங்கும் நொடியில் கோடு செங்குத்தாக விழும் அளவு உள்தடையைக் காட்டுகிறது. மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் எடுத்த வியப்பூட்டும் எண்கள், 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள உண்மையான மின்முனையில் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதற்கான காரணத்தைத்தான் மேலே நான்கு மடங்குக் கணக்கில் பார்த்தோம்.

பழுது வரும் விதமும் பேட்டரியிலிருந்து மாறுபடுகிறது. சுழற்சிகள் இதை அதிகம் பாதிப்பதில்லை. மின்னழுத்தமும் வெப்பமும்தான் பாதிக்கின்றன. 2.7 வோல்ட்டைத் தாண்டினாலோ, கரியின் துளைகளில் ஈரம் எஞ்சியிருந்தாலோ, மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவை உண்டாக்கும். செல் உப்பும், துளைகள் அடைபடும், உள்தடை ஏறும். ஒவ்வொரு 10 டிகிரி வெப்ப உயர்வும், அதேபோல் ஒவ்வொரு 0.1 வோல்ட் உயர்வும் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது தொழிலில் வழங்கும் தோராய விதி. மின்தேக்குத்திறன் 20 சதவீதம் குறைந்தாலோ உள்தடை இரட்டிப்பானாலோ செல்லின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். உள்தடை ஏறுவது பெரும்பாலும் செல் சூடாவதிலேயே தெரிந்துவிடும். 3000 ஃபாரட் செல்லை 100 ஆம்பியரில் 81 விநாடிகளில் நிறைக்கும்போது உள்ளே எழும் வெப்பம் வெறும் 2.9 வாட். அதே மின்னோட்டத்தில் 6 வாட் எழுந்தால் உள்தடை இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். பல செல்களைத் தொடராக இணைக்கும்போது ஒன்று மட்டும் 2.7 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் சமன்செய்யும் சுற்று கட்டாயம் வேண்டும். மேலும், சார்ஜ் செய்து வைத்த செல் பயன்படுத்தாமலே சில வாரங்களில் கணிசமாக இறங்கிவிடும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலைக்கு இதை நம்ப முடியாது.

உங்களுக்கு ஏதேனும் ஒரு பயன்பாட்டில் இரண்டில் எதைத் தேர்வது என்ற கேள்வி எழுந்தால், தேவைப்படும் ஆற்றலைத் தேவைப்படும் திறனால் வகுத்துப் பாருங்கள். விடை நேர அளவில் வரும். பேருந்து பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பது, காற்றாலை இறக்கையை அவசரத்தில் திருப்புவது, மின்தடையின்போது நினைவகத்தைப் பாதுகாப்பாக எழுதி முடிப்பது ஆகியவற்றில் விடை சில விநாடிகள். அங்கே கரியின் மேற்பரப்பே போதும். கைபேசிக்கு 19 வாட்மணியை ஒரு வாட் சராசரிச் செலவால் வகுத்தால் 19 மணி நேரம் வருகிறது; அங்கே பேட்டரிதான் பொருத்தம். விடை ஐந்து, பத்து நிமிடங்களாக வரும் இடங்களில்தான் தேர்வு உண்மையில் கடினமாகிறது. ஒரு முனையில் கரியும் மறுமுனையில் லித்தியம் ஏற்றிய கிராஃபைட்டும் வைத்த லித்தியம் அயனி மின்தேக்கி அந்த இடைவெளிக்காகவே உருவானது. அது 3.8 வோல்ட் வரை போவதால் கூடுதல் ஆற்றலைத் தருகிறது. ஆனால் கிராஃபைட்டின் தயக்கமும் அதோடு திரும்பி வருவதால், குளிரில் வேகமாகச் சார்ஜ் செய்யும் தேவை உள்ளவர்கள் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.